பின்சீட்டில் உட்காரும் ஓனருக்கு எந்த வண்டி? கிரிஸ்டா, ஹைகிராஸ், செடான்

என் பெரியப்பாவுக்கு வயது 66. திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வைத்துத் தொழில் செய்கிறவர். நாற்பது வருடம் தானே வண்டி ஓட்டினார். இடுப்பு டிஸ்க் தொந்தரவு வந்த பிறகு டாக்டர் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டதால், போன வருடம் ட்ரைவர் போட்டார். அதன் பிறகுதான் தன் பழைய காரின் பின்சீட்டில் முதன்முதலாக முழு நாள் உட்கார்ந்திருக்கிறார். கோயம்புத்தூர் போய்த் திரும்பிய அன்று ராத்திரி என்னைக் கூப்பிட்டு, "கண்ணு, இத்தன நாளா பின்னாடி உக்காந்து வந்தவங்கெல்லாம் எப்படித்தான் பொறுத்துக்கிட்டாங்களோ" என்றார். வண்டியை மாற்றலாம், நீயே பார்த்துச் சொல் என்று வேலையை என் தலையில் வைத்தார்.

அவருடைய ஓட்டம் இப்படி: வாரம் ஒரு முறை கோயம்புத்தூர், மாதம் இரண்டு முறை பெங்களூரு, நடுவில் ரிக் நிற்கும் ஊர்களுக்குக் கிராமத்து ரோடு. பெரும்பாலும் பின்னால் அவர் ஒருவர்தான், எப்போதாவது பெரியம்மாவும். பட்ஜெட் முப்பது லட்சத்தை ஒட்டி. போட்டிக்கு நின்றவை நான்கு: இன்னோவா கிரிஸ்டா, இன்னோவா ஹைகிராஸ், ஹோண்டா சிட்டி அல்லது ஹூண்டாய் வெர்னா மாதிரி ஒரு புது செடான், அப்புறம் நன்றாக வைத்திருந்த பழைய ஸ்கோடா சூப்பர்ப் ஒன்று.

பவர், பிக்கப், திரையின் அளவு எதையும் இங்கே பேசப் போவதில்லை. அவற்றை அனுபவிக்கப் போகிறவர் முன்னால் உட்காரும் ட்ரைவர்.

கால் இடம்: டேப்பை எங்கே வைப்பது

கால் இடம் என்றால் எல்லோரும் முழங்காலுக்கும் முன்சீட்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பார்க்கிறார்கள். நம் நாட்டில் ஓனர் உட்காருவது இடது பக்கம், அவருக்கு முன்னால் இருப்பது காலி சீட். அதை முழுக்க முன்னால் தள்ளிவிட்டால் வெர்னாவில்கூட முழங்காலுக்கு முன் நிறைய இடம் கிடைத்துவிடும். அதனால் ட்ரைவரோடு போகிறவருக்கு இந்த ஒரு அளவு பெரிதாகச் சண்டை போட வேண்டிய விஷயமில்லை. முன்சீட்டைத் தள்ளும் லீவருக்குப் பின்னாலிருந்து கை எட்டுமா என்று மட்டும் பார்த்தால் போதும். சூப்பர்ப்பின் மேல் வேரியன்ட்டில் இதற்காகவே முன்சீட்டின் பக்கவாட்டில் பட்டன் உண்டு. மற்ற வண்டிகளில் ட்ரைவரிடம் சொல்லித் தள்ள வைக்க வேண்டும்.

இடுப்பைக் கெடுப்பது வேறு ஒரு அளவு. சீட் மெத்தையின் முன் விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதுதான் அது. பெரியப்பாவின் பாதத்திலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை, செருப்போடு, 45 சென்டிமீட்டர். மெத்தை 30 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் மீதி 15 சென்டிமீட்டர் எங்கே போகும்? ஒன்று பாதத்தை முன்னே நீட்ட வேண்டும், இல்லையென்றால் முழங்கால் மேலே தூக்கிக்கொள்ளும். முழங்கால் தூக்கினால் தொடை மெத்தையைத் தொடாது. தொடை தாங்க வேண்டிய எடையும் சேர்ந்து புட்டத்திலும் கீழ் முதுகிலும் இறங்கும். இரண்டு மணி நேரம் கழித்து வலிப்பது இதனால்தான்.

இதைக் கண்டுபிடிக்க டேப்கூட வேண்டாம். பின்சீட்டில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, முழங்காலுக்குக் கொஞ்சம் பின்னால் தொடைக்கும் மெத்தைக்கும் நடுவில் உள்ளங்கையை நுழைத்துப் பாருங்கள். கை தாராளமாகப் போய் வந்தால் அந்த சீட் நீண்ட பயணத்துக்கு ஆகாது. சிரமப்பட்டு நுழைந்தால் நல்லது. அப்படியே பாதத்தை முன்சீட்டுக்கு அடியில் நீட்டிப் பாருங்கள். அங்கே ஏதாவது பெட்டியோ கம்பியோ இடித்தால், முழங்காலுக்கு முன் எத்தனை இடம் இருந்தும் கால் நீட்ட முடியாது. முன்சீட்டைக் கீழே இறக்கி வைத்தால் இந்த இடம் இன்னும் குறையும் என்பதால், வண்டி ஓடும்போது அந்த சீட் எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்தில் வைத்தே பார்க்க வேண்டும்.

இந்தச் சோதனையில் பல மின்கார்கள் சறுக்குகின்றன. பேட்டரி தரைக்கு அடியில் இருப்பதால் தரை மேலே வந்துவிடும், கூரை அதே இடத்தில்தான் இருக்கும். எம்ஜி விண்ட்ஸர் பின்சீட்டை 135 டிகிரி வரை சாய்க்கலாம், முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவில் உள்ள வீல்பேஸ் 2700 மில்லிமீட்டர், பார்க்கவே சோபா மாதிரி. நகரத்துக்குள் மட்டும் போகிறவர் தாராளமாகப் பார்க்கலாம். மாதம் இரண்டு முறை பெங்களூரு போகிற மனிதருக்கு மின்காரே வேண்டாம் என்று பெரியப்பா முதலிலேயே சொல்லிவிட்டதால் அதை விட்டுவிட்டேன்.

செடானில் வேறு சிக்கல். சிட்டி, வெர்னா இரண்டிலும் கால் நீட்ட இடம் போதும், ஆனால் ஏறும்போது தலையைக் குனிந்து, இடுப்பை மடித்து, உள்ளே விழ வேண்டும். இறங்கும்போது தன் எடையைத் தானே தூக்கிக்கொண்டு எழ வேண்டும். டிஸ்க் தொந்தரவு உள்ளவருக்கு ஒரு நாளைக்கு எட்டு முறை இதைச் செய்வது லேசான காரியமில்லை. சூப்பர்ப்பும் தாழ்வான வண்டிதான். கிரிஸ்டா இதற்கு நேர் எதிர்: ஏணிச் சட்டத்தின் மேல் பாடி உட்கார்ந்திருப்பதால் தரை உயரம், படி ஏறுவதுபோல் கால் தூக்கிக் கைப்பிடி பிடித்து ஏற வேண்டும். பெரியம்மா சேலையோடு ஏறும்போது ஒவ்வொரு முறையும் ட்ரைவர் தம்பி பிளாஸ்டிக் ஸ்டூல் போட வேண்டியிருக்கும். ஹைகிராஸில் தனிச் சட்டம் இல்லாததால் தரை கிரிஸ்டாவைவிடத் தாழ்வு. சீட் உயரம் நம் இடுப்புக்குக் கிட்டத்தட்ட நேராக வரும்; உட்கார்ந்து, காலை உள்ளே திருப்பினால் வேலை முடிந்தது. நான்கு வண்டியிலும் ஏற இறங்க இதுதான் சுலபம், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

தூக்கிப் போடுவது எதனால்

பின்சீட்டில் உட்கார்ந்தவரைத் தூக்கிப் போடும் முதல் காரணம் அவர் உட்கார்ந்திருக்கும் இடமே. இந்தியச் சாலைக் காங்கிரஸ் விதிப்படி கட்டிய வேகத்தடையின் உயரம் 10 சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர். (நம் ஊர்த் தெருக்களில் இருப்பது இந்தக் கணக்கில் வராத ஜாதி, அகலம் ஒரு முழம், உயரம் கட்டியவர் மனசு.) பின்சக்கரம் அந்த 10 சென்டிமீட்டர் மேட்டில் ஏறி நிற்கும்போது, பின் அச்சுக்கு நேர் மேலே உட்கார்ந்தவரும் 10 சென்டிமீட்டர் எழுவார். இரண்டு அச்சுக்கும் சரியாக நடுவில் உட்கார்ந்தவர் 5 சென்டிமீட்டர்தான் எழுவார். செடானில் பின்சீட் பின் அச்சுக்குக் கொஞ்சம் முன்னால்தான் இருக்கும், அரை மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிட்டியின் வீல்பேஸ் 2600 மில்லிமீட்டர், அந்தக் கணக்கில் எழும்பல் 8 சென்டிமீட்டர். மூன்று வரிசை வண்டியில் நடு வரிசை இன்னும் முன்னால் வரும். ஹைகிராஸின் வீல்பேஸ் 2850. பின் அச்சுக்கு ஒரு மீட்டர் முன்னால் உட்கார்ந்தால் எழும்பல் ஆறரை சென்டிமீட்டர். மெதுவாக ஏறி இறங்கும்போது வரும் தோராயக் கணக்குதான் இது, வேகம் கூடினால் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் கணக்கை மாற்றும். ஆனாலும் ஓனர் கார் என்றால் செடான் என்று இருந்த ஊரில் இன்னோவா எப்படி அந்த இடத்தைப் பிடித்தது என்பதற்கு இது ஒரு நல்ல காரணம்.

இரண்டாவது காரணம் பலர் யோசிக்காதது. ஏழு பேரை ஏற்றுவதற்கென்று கட்டிய வண்டியின் பின் ஸ்பிரிங் ஏழு பேரையும் பெட்டிகளையும் தாங்க வேண்டும். அதில் ஒரு ட்ரைவரும் ஒரு ஓனரும் மட்டும் போனால் ஸ்பிரிங்குக்கு வேலையே இல்லை, விறைப்பாக நிற்கும். கல்யாணத்துக்கு எட்டுப் பேரோடு போகும்போது மெத்தென்று போன அதே வாடகை வண்டி, திரும்பி ஒருவராக வரும்போது நங் நங் என்று இடிப்பது இதனால்தான். இந்தக் குணம் கிரிஸ்டாவில் அதிகம். அதன் பின்பக்கம் முழு அச்சும், நடுவில் டிஃபரன்ஷியல் உருண்டையும் சேர்ந்து ஒரே கனமான இரும்பாகச் சக்கரத்தோடு ஏறி இறங்கும். ஒரு பக்கச் சக்கரம் குழியில் விழுந்தால் மறுபக்கமும் சேர்ந்து அசையும், உள்ளே இருப்பவரின் தலை இடமும் வலமுமாக ஆடும். ஹைகிராஸ் முன்சக்கரத்தால் ஓடும் வண்டி என்பதால் பின்னால் அந்த உருண்டை கிடையாது. வளையக்கூடிய ஒரு குறுக்கு விட்டம் மட்டும் இரண்டு சக்கரத்தையும் இணைக்கிறது. எடை குறைவு, அதனால் சின்னச் சின்ன அதிர்ச்சி குறைவாக வரும். சூப்பர்ப்பில் இரண்டு பின்சக்கரமும் தனித்தனியாக அசையும், ஐந்து பேருக்கு மேல் சுமக்கும் கவலையும் அதற்கு இல்லை. நான்குவழிச் சாலையில் நூறில் போகும்போது இந்த நான்கில் அதற்கு ஈடு கிடையாது.

கிரிஸ்டாவைக் குறை சொல்லிக்கொண்டே போவது நியாயமில்லை. ரிக் நிற்கிற காட்டுக்குப் போகும் மண்ரோட்டில், கல் பெயர்ந்த இடத்தில், பெரிய குழியைப் பார்க்காமல் ட்ரைவர் அறுபதில் விட்டுவிட்டால்கூட அது தாங்கிப் போகும். ஆடும், ஆனால் அடி உள்ளே வராது. தினமும் அப்படிப்பட்ட ரோட்டில் போகிறவருக்கு இப்போதும் நான் கிரிஸ்டாவைத்தான் சொல்வேன். பெரியப்பாவின் ஓட்டத்தில் பத்தில் எட்டுப் பங்கு தார் ரோடு.

மூன்றாவது, கியர். 2023-இல் திரும்ப வந்ததிலிருந்து கிரிஸ்டா டீசல், ஐந்து கியர் மேனுவல் மட்டும்தான். ஓட்டுகிறவருக்கு இது வெறும் உழைப்பு. பின்னால் இருப்பவருக்கோ ஒவ்வொரு கியர் மாற்றமும் ஒரு தலையாட்டல். பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் ஊர்ந்து போகும்போது ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை கிளட்ச் போடுவார் என்று எண்ணிப் பாருங்கள். ஹைகிராஸ் ஹைபிரிடில் கியர் மாறுகிற இடமே தெரியாது. நெரிசலில் பல நேரம் எஞ்சின் அணைந்து மோட்டாரில் நகரும். போனில் கணக்குப் பார்த்துக்கொண்டே வருகிறவருக்கு வாந்தி வராமல் இருக்க இது உதவும். தோப்பூர் வளைவுகளில் கிரிஸ்டாவைவிட ஹைகிராஸ் பக்கவாட்டில் குறைவாகச் சாய்வதும் உதவும்.

மேல் வேரியன்ட்டில் ஒரு வில்லங்கம்

இந்த நான்கில் ஹைகிராஸ் என்று முடிவாகிக்கொண்டிருந்தபோதுதான் உண்மையான குழப்பம் வந்தது. ஹைபிரிடில் முக்கியமாக விஎக்ஸ், இசட்எக்ஸ் என்று இரண்டு நிலை. இசட்எக்ஸில் நடு வரிசைக்கு மோட்டாரில் சாயும் சீட், கெண்டைக்காலைத் தாங்கும் மேடை, மேலே பெரிய கண்ணாடிக் கூரை. ஷோரூமில் உட்கார்ந்து பட்டனை அழுத்தியதும் பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டார். விற்பனைப் பையன் அதோடு விற்றாயிற்று என்று நினைத்திருப்பான்.

நான் வெளியே போய் டயரைப் பார்த்தேன். இசட்எக்ஸில் 225/50 ஆர்18, விஎக்ஸில் 205/65 ஆர்16. முதல் எண் டயரின் அகலம் மில்லிமீட்டரில், இரண்டாவது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் டயரின் பக்கச்சுவர் உயரம் என்பது. 225-இல் 50 சதவீதம் 112 மில்லிமீட்டர். 205-இல் 65 சதவீதம் 133 மில்லிமீட்டர். அதாவது விஎக்ஸில் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் இரண்டு சென்டிமீட்டர் கூடுதல் ரப்பரும் காற்றும் இருக்கிறது. பாலம் சேரும் இடம், ஒட்டுப்போட்ட தார், டோல்கேட்டுக்கு முன்னால் வரிசையாகப் போட்டிருக்கும் மஞ்சள் கோடு, இவற்றின் கூர்மையான அதிர்ச்சியை முதலில் வாங்குவது இந்த ரப்பர்தான். ஸ்பிரிங் வரைக்கும் போகாமல் டயரிலேயே அடங்க வேண்டிய அடி அது. படுக்கை மாதிரி சீட் கொடுத்துவிட்டு, அதற்குக் கீழே தட்டையான டயரைப் போட்டுவிட்டார்கள். பார்க்க எடுப்பாக இருக்கிறது என்பதைத் தவிர இதற்குக் காரணம் எனக்குத் தெரியவில்லை.

சாயும் சீட்டில் இன்னொன்று. நன்றாகச் சாய்ந்து கால் தூக்கிப் படுத்தால் சீட் பெல்ட்டின் மடிப்பட்டை இடுப்பெலும்பிலிருந்து நழுவி வயிற்றின் மேல் ஏறிவிடும். பிரேக் அடித்தால் உடம்பு பெல்ட்டுக்கு அடியில் வழுக்கிப் போகும். பெல்ட் போடாமல் படுப்பது அதைவிட மோசம். 2022 செப்டம்பரில் பால்கர் அருகே விபத்தில் இறந்த சைரஸ் மிஸ்திரி பின்சீட்டில் பெல்ட் போடாமல் இருந்ததாகத்தான் போலீஸ் சொன்னது. ஆக ஓடும் வண்டியில் அந்த சீட்டை முழுக்கச் சாய்த்துப் பயன்படுத்தக் கூடாது. பாதிச் சாய்வுதான் என்றால் விஎக்ஸில் நடு வரிசையில் தனித்தனியாக இருக்கும் கேப்டன் சீட்டும் கையால் இழுத்தால் அந்த அளவு சாயும். மூன்றாவது வரிசையில் ஆள் இல்லாததால் சீட்டைப் பின்னுக்கு முழுக்கத் தள்ளிக்கொள்ளலாம். ரொம்பப் பின்னே தள்ளினால் மேலே சொன்ன கணக்கில் பின் அச்சுக்கு அருகில் போய்விடுகிறோம் என்பதையும் மறக்க வேண்டாம். நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தி, முன்சீட்டை முன்னால் தள்ளுவதே சரி.

கண்ணாடிக் கூரையைப் பற்றி இரண்டே வரி. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அது வேண்டாத விருந்தாளி. இரண்டு வேரியன்ட்டிலும் கூரையில் பின்வரிசைக்கு ஏசி காற்று வருகிறது, அது போதும்.

வரியும் ஒரு கை கொடுத்தது. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு வாழ்நாள் வரி 20 சதவீதம். வேரியன்ட்டுக்கு வேரியன்ட் கூடும் ஒவ்வொரு லட்சத்துக்கும் கூடவே இருபதாயிரம் என்றதும் பெரியப்பா கண் திறந்துவிட்டார்.

வாடகைக்கு எடுத்துப் பார்த்தது

ஷோரூம் டெஸ்ட் ட்ரைவ் பின்சீட்காரருக்கு உதவாது. இரண்டு கிலோமீட்டர் நல்ல ரோட்டில் சுற்றி வருவார்கள், பின்னால் பேசிக்கொண்டே விற்பனையாளர் வேறு உட்காருவார். கிரிஸ்டாவும் ஹைகிராஸும் ட்ராவல்ஸில் வாடகைக்குக் கிடைக்கும் வண்டிகள். ஒரு வாரம் கோயம்புத்தூருக்கு ஒன்று, அடுத்த வாரம் மற்றொன்று என்று எடுத்தோம். சூப்பர்ப்பை விற்கிறவர் அரை நாள் கொடுத்தார். செடானுக்கு என் நண்பனின் சிட்டி.

மூன்று வேலை மட்டும் செய்யச் சொன்னேன். சங்ககிரி வரைக்கும் உள்ள ரோட்டில் நாற்பது வேகத்தில் செக்கில் கையெழுத்துப் போட்டுப் பார்ப்பது. பெருந்துறை தாண்டி நூறு வேகத்தில் கால் மணி நேரம் பேப்பர் படிப்பது. கோயம்புத்தூரில் இறங்கியதும் இடுப்பைப் பிடித்துக்கொள்ளாமல் பத்து அடி நடப்பது. செக் சோதனையில் கிரிஸ்டா கடைசி, ஹைகிராஸும் சூப்பர்ப்பும் கிட்டத்தட்ட சமம். பேப்பர் சோதனையில் சூப்பர்ப் தனியாக நின்றது. சத்தமும் அதில்தான் குறைவு. நடக்கும் சோதனையில் ஹைகிராஸ். சூப்பர்ப்பில் சுகமாக வந்துவிட்டு இறங்கும்போது இடுப்பு பிடித்தது. அதோடு நீளமான வீல்பேஸும் தாழ்ந்த வயிறும் சேர்ந்து எங்கள் தெரு வேகத்தடையில் அடிப்பக்கம் உரசியது. அந்த உயரத்துக்கு எந்த செடானும் உரசத்தான் செய்யும். இடுப்பு நன்றாக இருக்கிற ஐம்பது வயதுக்காரர், நெடுஞ்சாலை ஓட்டமே அதிகம் என்றால் அந்தப் பழைய சூப்பர்ப்பை நான் தயங்காமல் சொல்லியிருப்பேன்.

ஹைகிராஸ் விஎக்ஸ், ஏழு சீட், நடுவில் கேப்டன் சீட் உள்ளது எடுத்தோம். எட்டுப் பேர் உட்காரும் வகையில் நடுவில் பெஞ்ச் வரும், கை வைக்க இருபக்கமும் தாங்கு இருக்காது. வளைவில் உடம்பைப் பிடித்து நிறுத்துவது அந்தக் கைத்தாங்குதான்.

வண்டி வந்து மூன்றாவது வாரம் பெரியப்பா கூப்பிட்டு, வாடகை வண்டி அளவுக்கு இது இல்லையே, இடிக்கிறதே என்றார். ட்ரைவர் தம்பியிடம் டயர் காற்று எவ்வளவு என்று கேட்டேன். "நாப்பதுங்கண்ணா, எப்பவும் நாப்பதுதான் அடிப்பேன்" என்றான். முன்பு லோடு வண்டி ஓட்டியவன். ட்ரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் டயருக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்று போட்டிருக்கும். காலையில் வண்டி எடுக்கும் முன், டயர் சூடாகாதபோது, அந்த அளவுக்கு இறக்கச் சொன்னேன். இறக்கிவிட்டு அன்று மாலையே போன் வந்தது. இடி போய்விட்டதாம், இப்போது முன்சீட் ஹெட்ரெஸ்ட் ரோட்டை மறைக்கிறதாம், அதைக் கழற்றலாமா என்று கேட்டார். அந்த சீட்டில் யாரும் உட்காராத வரைக்கும் கழற்றி டிக்கியில் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன்.